கோ ஃபிஷ்: மற்ற ஆக்கள் கேட்டதை வச்சு விளையாட பெரிய பிள்ளையளைப் பழக்கிறது எப்பிடி?

மாங்குளம் வாணி

வணக்கம். எங்கடை சனசமூக நிலையத்திலை லீவு நாளிலை ஆறாம், ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளையள் கூடுவினம். வெயில் இறங்குமட்டும் வெளியிலை ஓடி விளையாட ஏலாது. உள்ளுக்கு இருந்து காட்ஸ்தான். அதிலையும் கோ ஃபிஷ்தான் கூட. நடுவிலை கவிட்டு வைக்கிற காட்டை "குளம்" எண்டு சொல்லுவினம். கேட்ட காட் இல்லையெண்டால் "குளத்திலை பிடி!" எண்டு கத்துவினம்.

நாங்கள் விளையாடுற முறையைச் சொல்லிவிடுறன், ஏனெண்டால் இடத்துக்கிடம் மாறும். நாலு பேர், ஆளுக்கு 5 காட், மிச்சம் 32 குளம். கையிலை ஒண்டாவது இருக்கிற நம்பரை மட்டும்தான் கேக்கலாம். கேட்ட ஆளிட்டை இருந்தால் அந்த நம்பரிலை உள்ள எல்லாத்தையும் குடுக்கவேணும், கேட்டவர் திரும்பவும் கேக்கலாம். இல்லாட்டி குளத்திலை ஒண்டு எடுக்கிறது. கேட்ட நம்பரே வந்தால் எல்லாருக்கும் காட்டிப்போட்டு இன்னொருக்காக் கேக்கலாம். வராட்டி முறை இடப்பக்கத்து ஆளுக்குப் போகும். நாலு சேர்ந்தால் ஒரு செட்.

பிரச்சினை என்னெண்டால், தாங்கள் கேட்டதை மட்டும் பிள்ளையள் ஞாபகம் வச்சிருக்கினம். மற்ற ஆள் கேக்கேக்கை தங்கடை காட்டை அடுக்கிக்கொண்டு இருப்பினம். ஒரு பிள்ளை மட்டும் எல்லாரையும் கவனிச்சு விளையாடுறா, அவதான் கூட வெல்லுறா. மற்றவை "அவவுக்கு அதிர்ஷ்டம்" எண்டு சொல்லுகினம். எதை ஞாபகம் வைக்கவேணும், எதை விடலாம் எண்டு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது? எல்லாத்தையும் வச்சிருக்கச் சொன்னால் ரெண்டு சுத்திலையே குழம்பிப் போகினம்.

பரந்தன் ராசன்

தங்கச்சி, இது ஒண்டும் பெரிய வித்தையில்லை. நாங்கள் 304 விளையாடேக்கை விழுந்த காட்டை எண்ணிக்கொண்டுதான் இருப்பம். ஜாக் எத்தினை போச்சு, ஒன்பது எத்தினை போச்சு எண்டு தெரியாமல் துரும்பு கேக்க ஏலுமோ? இதுவும் அப்பிடித்தான். ஆர் "இல்லை" எண்டு சொன்னதெண்டு ஞாபகம் வைக்கச் சொல்லுங்கோ. சுதன் "ஏழு இல்லை" எண்டிட்டான் எண்டால் பிறகு சுதனிட்டை ஏழு கேக்கக் கூடாது. இந்த ஒண்டைப் பழக்கினாலே காணும்.

விசுவமடு அம்மா

எனக்கும் இதைப்பற்றிக் கேக்கவேணும். என்ரை மகனுக்கு அஞ்சு வயசு. அவனுக்குக் காட்டைக் கையிலை விரிச்சுப் பிடிக்கவே தெரியேல்லை, எல்லாம் கீழை விழுகுது, மற்ற ஆக்கள் பாத்திடுகினம். அக்காமாரோடை சேந்து விளையாட ஆசைப்படுறான். என்ன செய்யலாம்?

கனகராயன் கரை

வாணி ரீச்சர், நல்ல கேள்வி. ராசன் அண்ணை சொன்னதில் ஒரு பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை மட்டும் பழக்கினால் பிள்ளையள் பிழையான இடத்தில் கவனத்தைச் செலவழிப்பினம்.

ஒரு கேள்வியில் இரண்டு செய்தி வெளியில் வருகிறது. கவி சுதனிடம் "ஏழு இருக்கோ?" என்று கேட்கிறான், சுதன் "இல்லை" என்கிறான் என்று வையுங்கோ. முதலாவது செய்தி, சுதனிடம் ஏழு இல்லை. இரண்டாவது செய்தி, கவியிடம் ஏழு இருக்கிறது. கையில் இல்லாததைக் கேட்க முடியாது என்பது விதி. பிள்ளையள் பதிலைத்தான் காது குடுத்துக் கேட்பினம், ஏனென்றால் அதில்தான் பரபரப்பு. உண்மையில் பெறுமதியானது கேள்வி.

ஏன் பெறுமதி என்றால், இந்த இரண்டு செய்தியின் ஆயுளும் ஒன்றில்லை. "சுதனிடம் ஏழு இல்லை" என்பது சுதன் அடுத்த காட்டைக் குளத்தில் எடுக்கும் வரைக்கும்தான் நிச்சயம். அவன் கேட்டுத் தவறி ஒன்று எடுத்தால் அது ஏழாகவும் இருக்கலாம். பால் மாதிரி, கன நேரம் வைத்திருக்க ஏலாது. "கவியிடம் ஏழு இருக்கு" என்பது அப்படியில்லை. அந்த ஏழு இரண்டே வழியில்தான் அவன் கையை விட்டுப் போகும். ஒன்று, வேறு ஆள் கேட்டு எடுக்கவேணும். மற்றது, அவனே நாலையும் சேர்த்துக் கீழே வைக்கவேணும். இரண்டும் எல்லாருக்கும் முன்னால் நடக்கிற காரியம். ஆகவே அதைக் காணாத வரைக்கும், பத்துச் சுற்றுப் போனாலும் கவியிடம் ஏழு இருக்கும்.

அதனால் முதல் பாடம் இது: ஆர் கேட்டது என்பதைக் கட்டாயம் பிடி. ஆர் "இல்லை" என்றது என்பதை இடமிருந்தால் பிடி.

பரந்தன் ராசன்

அது உண்மைதான் தம்பி, குளத்திலை எடுக்கிறதை நான் யோசிக்கேல்லை. 304இலை 32 காட்டையும் தொடக்கத்திலையே பிரிச்சிடுவம், எடுக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. அதாலை ஒருக்கா இல்லையெண்டால் இல்லைதான்.

கனகராயன் கரை

அதேதான். நீங்கள் சொன்ன முறை கோ ஃபிஷ்ஷிலும் ஒரு கட்டத்தில் முழுதாகச் சரிவரும்: குளம் வற்றின பிறகு. எடுக்கக் காட் இல்லை என்றால் "இல்லை" என்ற பதிலும் பழுதாகாது. அதற்குப் பிறகு கைமாறுகிற காட் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைமாறும். அந்தக் கடைசிக் கட்டத்தில் "இல்லை"யைப் பிடித்து வைத்திருக்கிற பிள்ளை ஒரே முறையில் இரண்டு மூன்று செட் அள்ளும். ஆகவே குளத்தில் நாலைந்து காட் மிஞ்சும்போது "இனி இல்லையையும் பிடி" என்று சொல்லிக் குடுக்கலாம்.

விசுவமடு அக்கா, அஞ்சு வயசுக்கு ஞாபக வேலை வேண்டாம். நாலு நம்பரோ ஆறு நம்பரோ மட்டும் எடுத்துச் சின்னக் கட்டாக விளையாடுங்கோ. காட்டை அவன் பிடிக்கத் தேவையில்லை. முன்னுக்கு ஒரு கொப்பியை மறைப்பாக நிமிர்த்தி, அதற்குப் பின்னால் காட்டை அடுக்கி வைக்கலாம்.

மாங்குளம் வாணி

நன்றி. "ஆர் கேட்டது" எண்டது விளங்குது. ஆனால் 13 நம்பர், நாலு பேர். அதையும் முழுக்கப் பிடிக்க ஏலாதே. என்னாலையே ஏலாது போலக் கிடக்கு.

கனகராயன் கரை

முழுக்கப் பிடிக்கத் தேவையில்லை. தன் கையில் இருக்கிற நம்பரைத்தான் ஒரு பிள்ளை கேட்கலாம். அஞ்சு காட் என்றால் கூடினது அஞ்சு நம்பர். இன்னொருவர் "எட்டு இருக்கோ?" என்று கேட்கும்போது, தன் கையில் எட்டு இருந்தால் அந்தப் பெயரை எட்டோடு ஒட்டி வைக்கவேணும். "எட்டு, நிலா." இல்லையென்றால் இப்போதைக்கு அதை விடலாம்.

குளத்தில் புதிசாக ஒரு நம்பர் எடுக்கும்போதுதான் விட்டது தேவைப்படும். அதுதான் விளையாட்டில் ஆகப் பெரிய வாய்ப்பு. நீங்கள் எடுத்த காட் ராசா என்று வைப்போம். நீங்கள் ராசா கேட்டதே இல்லை, ஒருவருக்கும் தெரியாது. போன சுற்றில் சுதன் ராசா கேட்டவன் என்று ஞாபகம் இருந்தால், உங்கள் அடுத்த முறையில் அவன் வைத்திருக்கிற அவ்வளவும் உங்களுக்குத்தான். அதனால் இரண்டு படியாகப் பழக்கலாம். முதலில் கையில் இருக்கிற நம்பருக்கு மட்டும். அது கைவந்த பிறகு, ஒவ்வொருவரும் கடைசியாக என்ன கேட்டவை என்பதையும் சேர்த்து. நாலு பேர் என்றால் அது மூன்று பெயர், மூன்று நம்பர். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கஷ்டமில்லை.

நெடுங்கேணி – டொரொன்டோ

நான் இப்ப கனடாவிலை. இங்கை என்ரை பிள்ளையள் வேறை மாதிரி விளையாடினம். கேட்டது கிடைக்காட்டி முறை இடப்பக்கம் போகாது, "இல்லை" எண்டு சொன்ன ஆளுக்குத்தான் போகும். இதிலையும் நீங்கள் சொல்லுறது சரிவருமோ?

கனகராயன் கரை

ஞாபக வேலை ஒன்றுதான். ஆனால் ஆரிடம் கேட்கிறது என்பது மாறும். உங்கள் முறையில் தவறின கேள்வியோடு முறையையும் அந்த ஆளுக்கே குடுக்கிறீர்கள். ஆகவே சந்தேகத்தில் கேட்கும்போது, உங்கள் கையைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடம் கேட்கக் கூடாது. உங்களிடம் என்ன இருக்கிறதென்று அறியாத, அல்லது இப்போதுதான் காட்டைப் பறிகொடுத்த ஆளிடம் கேட்கவேணும். வாணி ரீச்சரின் முறையில் அடுத்து விளையாடப் போகிறவர் எப்பவும் இடப்பக்கத்து ஆள்தான், அவரை மட்டும் யோசித்தால் போதும்.

மாங்குளம் வாணி

ஒரு விளையாட்டை முழுசா வச்சுக் காட்ட ஏலுமோ? பிள்ளையளுக்கு அப்பிடியே காட்டைப் பரப்பிக் காட்டலாம் எண்டு நினைக்கிறன்.

கனகராயன் கரை

செய்யலாம். பெயர் எல்லாம் சும்மா. இருக்கிற ஒழுங்கு: கவி, நிலா, சுதன், மதி. மதிக்குப் பிறகு திரும்பக் கவி. நாங்கள் மதியின் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். மதியின் கையில் 7, 7, ராணி, 4, 9.

கவி தொடங்குகிறான். சுதனிடம் ஏழு கேட்கிறான். இல்லை. குளத்தில் ஒன்று எடுக்கிறான். மதியிடம் இரண்டு ஏழு இருக்கிறபடியால் அவள் "ஏழு, கவி" என்று பிடிக்கிறாள்.

நிலாவின் முறை. கவியிடம் நாலு கேட்கிறாள். இல்லை. அவளும் ஒன்று எடுக்கிறாள். மதிக்கு "நாலு, நிலா". இந்த இடத்தில் நிலா கேளாமல் விட்டதையும் கவனிக்கவேணும். கவியிடம் ஏழு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். நிலாவிடம் ஒரு ஏழு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. ஆகவே அவள் தன் முறையைத் தொடங்கும்போது ஏழு இருந்திருக்காது. இது நிச்சயம் இல்லை, அவள் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். கவனித்து விளையாடுகிற பிள்ளை என்றால் நம்பலாம்.

சுதன் நிலாவிடம் ராணி கேட்கிறான். நிலா ஒரு ராணி குடுக்கிறாள். இப்போது சுதனிடம் குறைந்தது இரண்டு ராணி. திரும்பக் கவியிடம் ஒன்பது கேட்கிறான். இல்லை. குளத்தில் ஒன்று எடுக்கிறான். மதிக்கு "ராணி, சுதன்", "ஒன்பது, சுதன்".

இப்போது மதியின் முறை. தன் கையில் இருக்கிற நாலு நம்பருக்கும் அவளிடம் பெயர் இருக்கிறது. கவியிடம் ஏழு கேட்கிறாள், ஒன்று வருகிறது. சுதனிடம் ராணி, இரண்டு வருகிறது. நிலாவிடம் நாலு, ஒன்று. சுதனிடம் ஒன்பது, ஒன்று. அஞ்சு காட்டோடு இருந்தவள் பத்துக் காட்டோடு இருக்கிறாள்: மூன்று ஏழு, மூன்று ராணி, இரண்டு நாலு, இரண்டு ஒன்பது. மற்றவை சொல்லுகிற அதிர்ஷ்டம் இதில் எங்கே வந்தது? ஒன்றிலும் அவள் ஊகிக்கவில்லை. நாலும் நிச்சயம் என்றால் எதை முதலில் கேட்டாலும் ஒன்றுதான். ஏதாவது ஒன்றில் ஞாபகம் தளும்பினால் அதைக் கடைசிக்கு விடவேணும், தவறினால் முறை போய்விடும்.

இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் பழகும். அடுத்த கேள்விதான் பெரிய பிள்ளையளுக்கு உரியது. நிச்சயமானது எல்லாம் முடிந்தது. இனி ஊகம். ஆரிடம் எதைக் கேட்கிறது?

ஒவ்வொரு நம்பராகப் பார்ப்போம். நாலாவது ஏழு கவியிடம் இல்லை, எல்லாத்தையும் குடுத்துவிட்டான். சுதன் முதலிலேயே இல்லை என்றவன், அதற்குப் பிறகு குளத்தில் எடுத்தது ஒரே ஒரு காட். நிலாவிடம் முதல் இல்லை என்று ஊகித்தோம், அவளும் பிறகு எடுத்தது ஒன்றுதான். அநேகமாகக் குளத்தில்தான் கிடக்கிறது. கேட்டுப் பயனில்லை.

ராணி. சுதன் எல்லாத்தையும் குடுத்துவிட்டான். நிலா சுதனுக்குக் குடுத்த பிறகு ஒன்றும் எடுக்கவில்லை, அவளிடமும் இல்லை. ஆகவே நாலாவது ராணி ஒன்றில் கவியிடம், இல்லாவிட்டால் குளத்தில். மூன்றாவது இடம் கிடையாது. அதோடு அடுத்து விளையாடப் போகிறவன் கவி. அவனிடம் ராணி இருந்தால், மதியின் மூன்றையும் எடுத்து ஒரே அடியில் செட்டை வைத்துவிடுவான்.

அதனால் என் தெரிவு: கவியிடம் ராணி கேட்கிறது. இருந்தால் செட் மதிக்கு. இல்லையென்றால் கவியின் முறையில் ராணிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிடும், ஏனென்றால் அவன் குளத்தில் எடுப்பது கேட்ட பிறகுதான்.

முள்ளியவளை கஜன்

இருங்கோ, எனக்கு இதிலை மறுப்பு இருக்கு. ஒன்பதை ஏன் விட்டனீங்கள்? கவியிட்டை ஒன்பது இல்லை, சுதன் குடுத்திட்டான். ஆனால் நிலாவிட்டை ஆரும் ஒன்பது கேக்கவேயில்லை. அவ தன்ரை முறையிலை கேளாமல் விட்டா எண்டும் சொல்ல ஏலாது, ஏனெண்டால் ஒன்பது வெளியிலை வந்ததே அவவின்ரை முறைக்குப் பிறகு. வெளியிலை இன்னும் ரெண்டு ஒன்பது கிடக்கு. ராணி ஒண்டுதான் கிடக்கு. நிலாவிட்டை ஒன்பது கேக்கிறதுதான் பிடிபடக் கூடின வாய்ப்பு.

கனகராயன் கரை

நீங்கள் சொல்லுகிற கணக்குச் சரி. குளத்தில் இப்போது 29 காட். கவியின் கையில் 5. ஒரு ராணி இந்த 34 இடத்தில் எங்கேயோ இருக்கிறது என்றால், கவியிடம் இருக்க ஏழுக்கு ஒன்று அளவில் வாய்ப்பு. நிலாவின் கையில் 4. இரண்டு ஒன்பதும் அவளின் 4க்கும் குளத்தின் 29க்கும் இடையில் கிடக்கின்றன. ஒன்றாவது அவளிடம் இருக்க நாலுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. பிடிபடுகிற வாய்ப்பு ஒன்பதுக்குத்தான் கூட.

ஆனால் ராணி பிடிபட்டால் செட் முடிகிறது. ஒன்பது பிடிபட்டால், இரண்டும் நிலாவிடம் இருந்தால் ஒழிய, செட் முடியாது. மூன்று ராணியைப் பறிகொடுப்பதையும் இரண்டு ஒன்பதைப் பறிகொடுப்பதையும் ஒன்றாக வைக்க ஏலாது.

முள்ளியவளை கஜன்

ஒன்பது பிடிபட்டால் முறை மதியிட்டைத்தானே இருக்கும்? பிறகு கவியிட்டை ராணி கேக்கலாமே. கூடச் சரிவரக் கூடினதை முதல் கேட்டுப் போட்டு, பிறகு மற்றது. ராணியை முதல் கேட்டுத் தவறினால் ஒன்பது கேக்கிற வாய்ப்பே இல்லாமல் போகுது.

கனகராயன் கரை

ஒன்பதை முதலில் கேட்டுத் தவறினால் ராணி கேட்கிற வாய்ப்பும் இல்லாமல் போகும், அப்போது அடுத்து விளையாடுகிறவன் கவி. நிலாவுக்கு முறை வரக் கவி முடிக்கவேணும். நான் இன்னும் ராணியில்தான் நிற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லுகிறதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். குளம் நிறைய இருக்கிற தொடக்கத்தில் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

பரந்தன் ராசன்

ரெண்டு பேரும் நல்லாச் சொல்லுறியள். எனக்கு ஒண்டு மட்டும் கேக்கவேணும். மதியிட்டை மூண்டு ஏழு இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. அடுத்த முறை வாறவன் அதை அள்ளிக்கொண்டு போகமாட்டானோ?

கனகராயன் கரை

கையில் ஒரு ஏழு இல்லாமல் ஏழு கேட்க ஏலாது, அண்ணை. கவி எல்லாத்தையும் குடுத்தபடியால், குளத்தில் ஏழு எடுக்கும் வரைக்கும் அவனுக்கு ஏழு என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. வெளியில் இருப்பது ஒரே ஒரு ஏழு. அதை எடுக்கிறவன் மட்டும்தான் ஆபத்து. மூன்று சேர்த்தவருக்கு ஒரு எதிரிதான், இரண்டு வைத்திருக்கிறவருக்கு இரண்டு பேர் வரைக்கும் எதிரி இருக்கலாம். இதனால்தான் ஒரு நம்பரை வெளியில் விட்டால் அதையே விடாமல் துரத்தவேணும் என்று சொல்லுவேன். புதிசு புதிசாகக் கேட்டால் கையில் இருக்கிறது எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். ஏற்கனவே தெரிந்த ஏழை இன்னொருவரிடம் கேட்டால், உங்களைப் பற்றிப் புதிசாக ஒருவரும் ஒன்றும் அறியமாட்டினம்.

விசுவமடு அம்மா

கொப்பியை நிமித்தி வச்சுப் பாத்தன், நல்லா இருக்கு, நன்றி. ஆனால் மூத்தவள் ஒரு குழப்படி செய்யிறா. தன்னட்டை இல்லாததையும் கேக்கிறா. கேட்டால் "இருந்தது அம்மா" எண்டு சொல்லுவா. அப்பிடியெண்டால் நீங்கள் எழுதினது எல்லாம் குழம்பிப் போகுமே?

கனகராயன் கரை

முழுக்கக் குழம்பும். "கேட்டவரிடம் இருக்கு" என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ஆனால் ஞாபகம் வைத்து விளையாடுகிற பிள்ளையளுக்கு முன்னால் இந்தக் களவு கன நேரம் தங்காது. அவள் பத்துக் கேட்டாள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் அவளிடம் பத்து எடுக்கவில்லை, அவளும் பத்துச் செட் வைக்கவில்லை. பிறகு ஒருவர் பத்துக் கேட்க அவள் "இல்லை" என்கிறாள். அந்தப் பத்து எங்கே போனது? போக வழியே இல்லை. ஒன்றில் முதல் கேள்வி பொய், இல்லாவிட்டால் இப்போது சொன்ன "இல்லை" பொய். எது என்று கையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சில வேளை களவு இல்லை, காட் இரண்டு ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இருந்திருக்கும். அதனால் ஏசவேண்டாம். இப்படி ஒரு முரண் வந்தால் விளையாட்டை நிறுத்தி, விளையாடாத பெரிய ஆள் ஒருவர் மட்டும் கையைப் பார்க்கலாம். மற்றவை பார்த்தால் விளையாட்டுக் கெட்டுவிடும்.

நெடுங்கேணி – டொரொன்டோ

என்ரை மகள் ஒரு வேலை செய்யிறா. ஆரிட்டை எது இருக்கு எண்டு தெரிஞ்சால், அந்தக் காட்டைக் கையிலை அந்த ஆள் இருக்கிற பக்கமா நகர்த்தி வைப்பா. இடப்பக்கத்து ஆளெண்டால் இடப்பக்க ஓரம், வலப்பக்கமெண்டால் வலப்பக்க ஓரம், முன்னுக்கு இருக்கிற ஆளெண்டால் நடு. ஞாபகம் வைக்கிற பாரம் பாதி குறையுது எண்டு சொல்லுறா.

மாங்குளம் வாணி

இது நல்லாயிருக்கே! தொடங்கிற பிள்ளையளுக்கு இதைக் குடுக்கலாம் போல.

முள்ளியவளை கஜன்

வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஒருத்தர் "எட்டு இருக்கோ" எண்டு கேட்ட உடனை இன்னொருத்தி கையிலை ஒரு காட்டை நகர்த்தினால், அவவிட்டை எட்டு இருக்கு எண்டு எனக்குத் தெரிஞ்சிடும். அவ ஒருக்காலும் கேளாத எட்டு. நான் என்ரை முறையிலை அவவிட்டைப் போய்க் கேட்பன். காட்டைப் பாக்கிற பிள்ளையளைவிட ஆக்களின்ரை கையைப் பாக்கிற பிள்ளையள்தான் வெல்லும்.

நெடுங்கேணி – டொரொன்டோ

கேட்ட உடனை நகர்த்தாமல், தன்ரை முறைக்குக் கிட்ட வரேக்கை எல்லாத்தையும் சேத்து அடுக்கினால்?

முள்ளியவளை கஜன்

அதுவரைக்கும் ஞாபகம் இருந்தால் பிறகு நகர்த்துறது எதுக்கு?

கனகராயன் கரை

பழகத் தொடங்கும்போது நகர்த்தட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் கஜனைப் போல ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவுடன் பிள்ளையள் தாங்களாகவே கையை ஆட்டாமல் விடுவினம்.

வாணி ரீச்சர், இன்னொன்று. பரப்பிக் காட்டும்போது முதலில் மதியின் காட்டை மட்டும் நிமிர்த்தி வையுங்கோ, மற்ற மூவரின் காட்டும் கவிட்டபடி இருக்கட்டும். மூன்று முறையும் முடிந்த பிறகு நிறுத்தி, "மதி இப்ப ஆரிடம் என்ன கேட்கலாம்?" என்று பிள்ளையளையே சொல்ல விடுங்கோ. நாலில் இரண்டைச் சொன்னாலே நல்லது. அநேகமாக ராணியைச் சொல்லுவினம், அது காட் கைமாறினதால் கண்ணில் பட்டிருக்கும். கவியின் ஏழை மறந்திருப்பினம், அது முதல் கேள்வி, அதோடு ஒன்றும் நடக்காத கேள்வி. அதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கவேணும்.

மாங்குளம் வாணி

சரி. நாளைக்கு இதே காட்டை எடுத்து வச்சுச் செய்து பாக்கிறன். கஜன், ஒன்பதோ ராணியோ எண்டதையும் பிள்ளையளிட்டையே விடுறன். எந்தப் பக்கம் கூட நிக்கினம் எண்டு வந்து எழுதுறன்.

முள்ளியவளை கஜன்

எழுதுங்கோ. ஆனால் கேக்கேக்கை நிலாவிட்டை 4 காட், கவியிட்டை 5 காட் எண்டதையும் சொல்லுங்கோ. ஆரிட்டை எத்தினை காட் இருக்கெண்டு தெரியாமல் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஏலாது.